அறுபத்துமூன்றரை சென்டிமீட்டர் வெற்றிடம்

ஒரு நூலகக் கண்காட்சிக்காகத் ‘தமிழ் அச்சின் கதை’ என்ற தலைப்பில் காலக்கோடு ஒன்றை வரைந்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்கு அனுப்பியிருந்தார் அதை வடிவமைத்த இளைஞர். இரண்டு மீட்டர் அகலப் பலகை. நடுவில் 180 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு செந்நிறக் கோடு. அதன்மேல் பதின்மூன்று வட்டங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆண்டும் ஒரு நிகழ்ச்சியும். வட்டங்களுக்கு நடுவே அச்சடித்தாற்போல் ஒரே இடைவெளி. பார்த்தவுடன் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியதும் அந்த நிறைவால்தான். வரலாறு அவ்வளவு ஒழுங்காக நடந்திருக்க வழியில்லை.

பதின்மூன்று நிகழ்ச்சிகளையும் சொல்லிவிடுகிறேன். 1554இல் லிஸ்பனில் அச்சான சிறுநூல். மொழி தமிழ், எழுத்து ரோமன். 1578இல் கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586இல் ‘அடியார் வரலாறு’. பிறகு 1713, தரங்கம்பாடி அச்சகம். 1715, அங்கே அச்சான புதிய ஏற்பாடு. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. 1812இல் திருக்குறள் அச்சேறியது. 1835இல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டத்தால் அச்சகங்கள்மீதிருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. கடைசியாக உ.வே. சாமிநாதையரின் நான்கு பதிப்புகள்: 1887 சீவக சிந்தாமணி, 1892 சிலப்பதிகாரம், 1894 புறநானூறு, 1898 மணிமேகலை.

பதின்மூன்று வட்டங்களுக்கு நடுவே பன்னிரண்டு இடைவெளிகள். 180ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 15 சென்டிமீட்டர். வடிவமைப்பு மென்பொருளில் எல்லா வட்டங்களையும் தேர்ந்தெடுத்து, சமமாகப் பரப்பும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், இந்த வரிசை தானாக வந்துவிடும். அப்படித்தான் செய்திருந்தார்.

இப்படி ஒரு கோட்டைச் சோதிக்க ஒரு ஸ்கேலும் ஒரு வகுத்தலும் போதும். எங்காவது இரண்டு இடைவெளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் எத்தனை ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1578க்கும் 1579க்கும் நடுவே ஓராண்டு, 15 சென்டிமீட்டர். 1586க்கும் 1713க்கும் நடுவே 127 ஆண்டுகள். அதற்கும் 15 சென்டிமீட்டர். முதல் இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம். இரண்டாவது இடத்தில் அதே ஒரு சென்டிமீட்டருக்கு எட்டரை ஆண்டு. கோடு ஒன்றுதான், அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. தையற்காரரின் டேப்பில் முதல் அங்குலம் நீளமாகவும் அடுத்த அங்குலம் குட்டையாகவும் இருந்தால் அதை வைத்துச் சட்டை தைக்க முடியுமா?

இதை வெறும் கணக்குப் பிழையாக நான் பார்க்கவில்லை. இந்தப் பலகையின் முன் நிற்கும் பள்ளி மாணவி என்ன புரிந்துகொண்டு போவாள்? கொல்லத்தில் தொடங்கிய தமிழ் அச்சு, தொய்வில்லாமல் சீராக வளர்ந்து உ.வே.சா.விடம் வந்து சேர்ந்தது என்று. நடந்ததோ வேறு. தொடங்கிய எட்டே ஆண்டுகளில் மூன்று நூல்கள் வந்தன; அதன்பின் பல தலைமுறைகளுக்கு ஏறக்குறைய மௌனம். பலகையில் எழுதியிருந்த ஆண்டுகள் எல்லாம் சரி. அவற்றைச் சுமந்து நின்ற கோடுதான் வேறு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சம இடைவெளி என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி சம தூரம் என்பது ஒன்று; ஆண்டுக்கு ஆண்டு சம தூரம் என்பது மற்றது. முதல் வகைக்கும் தேவை உண்டு. எது முன், எது பின் என்று மட்டும் காட்ட வேண்டுமானால் கட்டம் கட்டமாக வரிசையாக அடுக்கலாம்; உ.வே.சா.வின் நான்கு பதிப்புகளை மட்டும் அப்படிக் காட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அப்போது கட்டங்களை ஊடுருவிக்கொண்டு ஒரு நீண்ட கோடும், முனையில் ஓர் அம்புக்குறியும் இருக்கக் கூடாது. கோடு போட்டுவிட்டால், அதன் நீளம்தான் காலம் என்று கண் எடுத்துக்கொள்ளும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே கோட்டை ஆண்டுக்கணக்கில் திரும்ப அளந்தோம். 1550இல் தொடங்கி 1910இல் முடித்தால் 360 ஆண்டுகள். 180 சென்டிமீட்டரில் அதைப் பரப்பினால் ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர். கணக்கு இவ்வளவு எளிதாக வரும்படி தொடக்கத்தையும் முடிவையும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். முதல் நிகழ்ச்சி 1554 என்பதற்காகக் கோட்டையும் 1554இலேயே தொடங்குவோர் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு புள்ளியும் பின்னமாக விழும், சரிபார்க்கிறவர் திணறிப்போவார். இப்போது விதி ஒற்றை வரிதான்:

```
தூரம் (செ.மீ.) = (ஆண்டு − 1550) × 0.5
```

1554 கோட்டின் 2ஆவது சென்டிமீட்டரில் விழுகிறது. 1578, 14இல், 1579, 14.5இல், 1586, 18இல். அடுத்த புள்ளியான 1713, 81.5இல். நடுவே அறுபத்துமூன்றரை சென்டிமீட்டர் வெறும் கோடு. கோட்டின் மறுமுனையில் 168.5, 171, 172, 174 என்று ஐந்தரை சென்டிமீட்டருக்குள் நான்கு நூல்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன.

புதிய வரைவைப் பார்த்ததும் அந்த இளைஞரின் குரல் இறங்கிவிட்டது. “சார், நடுவுல பலகை காலியா கிடக்கு. ஓரத்துல எழுத்து எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது. பார்க்கிறவங்க வேலையே முடியலன்னு நினைப்பாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நெரிசலும் வெறுமையும் வெவ்வேறு சிக்கல்கள். முதலில் நெரிசலைப் பார்த்தோம்.

ஒவ்வொரு குறிப்பும் 13 சென்டிமீட்டர் அகலம். அதைச் சுருக்கினால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எழுத்து தெரியாது. ஐந்தரை சென்டிமீட்டருக்குள் அப்படி நான்கு குறிப்புகள் நுழையாது. இங்கே பலரும் செய்வது புள்ளிகளையே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடுவது. 1892ஐ ஒரு விரல் இடதுபக்கம், 1898ஐ இரண்டு விரல் வலதுபக்கம். அதைச் செய்தால் அளந்து போட்டதெல்லாம் வீண். நகர வேண்டியது எழுத்துதான். புள்ளி தன் இடத்திலேயே நிற்க வேண்டும். புள்ளியிலிருந்து ஒரு மெல்லிய கோட்டை இழுத்து, அதன் முனையில் குறிப்பைத் தொங்கவிடலாம். 1887ஐயும் 1894ஐயும் கோட்டுக்கு மேலே வைத்தோம். முன்னதன் எழுத்து 156இலிருந்து 169 வரை, பின்னது 172இலிருந்து 185 வரை. நடுவே மூன்று சென்டிமீட்டர் மூச்சுவிட இடம். 1892ஐயும் 1898ஐயும் கோட்டுக்குக் கீழே அதேபோல் இடமும் வலமுமாகப் பிரித்தோம். இழுத்த மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டவில்லை. வெட்டினால் எந்த ஆண்டு எந்தப் புள்ளிக்கு உரியது என்று பார்ப்பவர் விரலை வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

வட்டத்திலும் ஒரு தொல்லை. வரைவில் ஒவ்வொரு வட்டமும் 8 மில்லிமீட்டர். 1578க்கும் 1579க்கும் நடுவே இருப்பது 5 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, சிறு நிலக்கடலைபோல் ஆகிவிட்டன. வட்டத்தை எடுத்துவிட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் செங்குத்தான சிறு கோடுகளாக மாற்றினோம். இப்போது இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. தம்பிரான் வணக்கத்தை அடுத்து ஓராண்டிலேயே இன்னொன்று வந்துவிட்ட அந்த வேகமும் தெரிந்தது.

மேலும் கீழுமாகக் குறிப்புகளை வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. சிலர் மேல் வரிசையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கீழே வருவார்கள்; அவர்களுக்கு 1894க்குப் பிறகு 1554 வரும். அதைத் தடுக்க ஆண்டெண்ணைக் குறிப்பிலிருந்து பிரித்து, தடித்த எழுத்தில் கோட்டை ஒட்டியே வைத்தோம். நூற்பெயரும் விளக்கமும் தள்ளிப்போனாலும் ஆண்டுகள் மட்டும் கோட்டோடு ஓடுகின்றன. கண் முதலில் அவற்றைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக நடக்கிறது. பத்திரிகைப் பக்கங்களில் இடம் போதாமல் கோட்டைப் பாம்புபோல் வளைத்து, இரண்டாவது வரியை வலமிருந்து இடமாக ஓடவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் படிக்கிற கண்ணுக்கு அது எதிர்நீச்சல். இரண்டாவது வரி தேவைப்பட்டால், எழுதுவதைப்போலவே மறுபடி இடது ஓரத்திலிருந்து தொடங்கினால் போதும்.

அடுத்தது ஆண்டுக் குறிப்புகள். வரைவில் ஓரிடத்தில் ‘20.10.1578’ என்றும், ஓரிடத்தில் ‘1713’ என்றும், இன்னோரிடத்தில் ‘19ஆம் நூற்றாண்டு தொடக்கம்’ என்றும் இருந்தது. கொல்லத்து நூலுக்கு நாள்கூடத் தெரியும் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் அரை சென்டிமீட்டருக்கு ஓராண்டு என்ற கோட்டில் நாளைக் காட்ட இடமில்லை. அந்த நாள் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி வந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1582இல், பத்து நாட்களைக் கழித்துப் புதிய நாட்காட்டி வந்தது. அந்தப் பத்து நாள் நம் பலகையில் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. எனவே கோட்டருகே எல்லாவற்றுக்கும் ஆண்டு மட்டும். நாள் தெரிந்தால் விளக்கத்துக்குள். ‘19ஆம் நூற்றாண்டு தொடக்கம்’ என்பதற்குப் பதிலாக 1812.

புதிய ஏற்பாட்டுக்கு 1715 என்று ஒற்றை ஆண்டு போட்டிருந்தார். சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பில் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் பணிகளும் 1714இல் அச்சாகி, முழுப் புதிய ஏற்பாடும் 1715இல்தான் முடிந்தது. சில நூல்கள் 1714 என்றும் சில 1715 என்றும் சொல்வதற்கு இதுதான் காரணம். எது சரி என்று வாதாடுவதைவிட, இரண்டு ஆண்டுகளையும் தொடும் சிறிய தடித்த பட்டையைக் கோட்டின்மேல் போட்டு ‘1714–1715’ என்று எழுதினால் உண்மை முழுதாக வந்துவிடுகிறது.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் முகப்பிலிருந்து ஆண்டை எடுக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஆங்கில ஆண்டுக்குப் பதிலாகத் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். சர்வசித்து வருஷம் 1887 ஏப்ரலில் பிறந்தது. ஆனால் சர்வசித்து தை மாதம் என்றிருந்தால் அது 1888 ஜனவரி. மாதம் போடாமல் வருஷம் மட்டும் இருந்தால் 1887–88 என்றுதான் எழுத முடியும், அதற்கும் ஒரு சிறு பட்டைதான் பொருத்தம். அதைவிடப் பெரிய வழுக்கல், அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்ப வருவது. 1827உம் சர்வசித்துதான். சுழற்சி ஒன்று தவறினால் புள்ளி நம் பலகையில் முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும்.

ஆண்டு சரியாகத் தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு அழகான முன்னுதாரணம் ஒன்று உண்டு. ஆக்சிஜனோடு சேர்த்து நாம் நினைவில் வைத்திருக்கும் ஜோசப் பிரீஸ்ட்லி, 1765இல் இங்கிலாந்தில் வாழ்க்கை வரலாற்று வரைபடம் ஒன்றை வெளியிட்டார். கி.மு. 1200 முதல் கி.பி. 1800 வரை ஒரே சீரான அளவில் காலத்தைப் பரப்பி, ஏறத்தாழ 2000 பேருக்கு ஆளுக்கொரு கோடு போட்டார். கோட்டின் நீளம் அவர் வாழ்ந்த காலம். பிறப்போ இறப்போ உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த முனையில் கோட்டை நிறுத்திவிட்டுப் புள்ளிகள் வைத்தார். தெரிந்தது எது, ஊகம் எது என்று எட்ட நின்று பார்ப்பவருக்கும் புரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

இன்னொரு பிழையை நான் ஏறக்குறைய ஒவ்வொரு காலக்கோட்டிலும் பார்க்கிறேன், இதிலும் இருந்தது. பின்னணியில் நூற்றாண்டுக்கு ஒரு நிறம் என்று பட்டைகள் தீட்டி, 1700களின் மேல் ‘17ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருந்தார். 1700கள் பதினெட்டாம் நூற்றாண்டு. ‘17’ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்ததும் கை தானாக எழுதிவிடுகிறது. தரங்கம்பாடியின் 1713, ‘17ஆம் நூற்றாண்டு’ என்ற பட்டைக்குள் நின்றுகொண்டிருந்தது. நூற்றாண்டுப் பெயர்களையே எடுத்துவிட்டு, கோட்டில் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை, அதாவது 25 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, சாம்பல் நிறத்தில் 1550, 1600, 1650 என்று எண்களை மட்டும் வைக்கச் சொன்னேன். அவை இருந்தால் வெறும் கோடும் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இனி அந்த வெறுமை. அதற்கு அவர் ஒரு வழி சொன்னார்: 1586க்குப் பின் கோட்டை வெட்டி, நடுவில் நெளிவெட்டுக் குறி ஒன்றைப் போட்டு, 1700இல் மறுபடி தொடங்குவது. கெட்ட வழி இல்லை. சங்க காலத்தில் தொடங்கி இன்றுவரை வரும் கோட்டில் அது இல்லாமல் சமாளிக்கவே முடியாது. செய்தால் கோடும் பின்னணி நிறமும் கண்ணுக்குத் தெரியும்படி அறுபட வேண்டும், எத்தனை ஆண்டுகள் விடப்பட்டன என்று அங்கேயே எழுத வேண்டும். ஆனால் இந்தக் கதையில் அந்த நூற்றிருபத்தேழு ஆண்டுகள்தான் பார்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய செய்தி. அதையே வெட்டி எறிய எனக்கு மனம் வரவில்லை.

“தம்பி, காலியா இருக்குன்னு சொல்றோமே, நிஜமாவே காலிதானான்னு முதல்ல பார்ப்போம்” என்றேன்.

காலியாக இல்லை. 1679இல், கேரளத்தின் அம்பலக்காட்டில், அந்தோம் தெ ப்ரோயென்சா என்ற இயேசுசபைப் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சாகியிருக்கிறது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைத் தனிநாயகம் அடிகளார் கண்டெடுத்தார். 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக அதன் நகற்பதிப்பும் வந்தது. ப்ரோயென்சா 1666லேயே இறந்துவிட்டார். எனவே இங்கேயும் ஆண்டுக் குறிப்பு எதைக் குறிக்கிறது என்று சொல்லியாக வேண்டும்: தொகுத்த ஆண்டு அல்ல, அச்சான ஆண்டு. கோட்டில் அதன் இடம் 64.5 சென்டிமீட்டர். சம தூரத்தில் வட்டங்கள் நின்ற முதல் வரைவில் இந்த நூல் விடுபட்டிருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. அங்கே எல்லா இடமும் நிரம்பித்தானே இருந்தது.

அறுபத்துமூன்றரை இப்போது இரண்டாகப் பிரிந்தது: 46.5 சென்டிமீட்டர், பிறகு 17. நாற்பத்தாறரையும் பெரிய இடைவெளிதான். அங்கே ஓர் ஓலைச்சுவடியின் படத்தை வைத்து மறைக்கலாமா என்று கேட்டார். கோட்டின்மேல் வைத்தால் அதுவும் ஒரு நிகழ்ச்சியாகத் தோன்றும் என்று மறுத்தேன். கடைசியில் கோட்டுக்குக் கீழே, சிறிய எழுத்தில், ‘இந்தக் காலத்தில் தமிழகத்திலோ கேரளத்திலோ அச்சான தமிழ் நூல் எதையும் இந்தக் கண்காட்சிக் குழு கண்டறியவில்லை’ என்று எழுதினோம். எதுவும் அச்சாகவில்லை என்று எழுதவில்லை. அம்பலக்காட்டு அகராதி நல்ல பாடம் சொல்லியிருந்தது.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு கடைசிச் சோதனை. வரைவைத் தாளில் எடுத்து, வாசிப்பு அறைக்கு வந்திருந்தவர்களில் சிலரிடம் பத்து நொடி காட்டிவிட்டு மறைத்துக்கொண்டோம். ‘எப்போது அதிகமாக நடந்தது, எப்போது ஒன்றும் நடக்கவில்லை?’ என்ற ஒரே கேள்வி. பழைய வரைவைப் பார்த்தவர்கள் ஆண்டுகளை நினைவுகூர முயன்று கைவிட்டார்கள். புதியதைப் பார்த்தவர்கள் ஆண்டுகளைச் சொல்லவே இல்லை. காற்றில் கையால் காட்டினார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், இங்கே ஒன்றுமில்லை, கடைசியில் கூட்டம்.

அவர்களில் ஒரு பெரியவர் மட்டும் தாளைத் திரும்ப வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரலை 1586இல் வைத்து மெதுவாக வலதுபக்கம் நகர்த்தினார். 1600 என்ற சாம்பல் எண் தாண்டியது, 1650 தாண்டியது. விரல் நின்றது.

“ஏங்க, இவ்வளவு நல்லா ஆரம்பிச்சிட்டு அப்புறம் ஏன் நின்னுபோச்சு?”

தம்பிரான் வணக்கத்தை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் 1600இல் இறந்துபோனார் என்பதை மட்டும் அவரிடம் சொன்னேன். அன்று மாலை அந்த இளைஞர் கோட்டின் 25ஆவது சென்டிமீட்டரில் மெல்லிய சாம்பல் குறி ஒன்றை வைத்து, அவர் பெயரை எழுதி அனுப்பினார்.